உப்பு விற்றவள் சொன்ன விலை: சங்கப் பாட்டை வரலாற்றுச் சான்றாகப் படிப்பது எப்படி?

"நெல்லின் நேரே வெண்கல் உப்பு!"

அகநானூற்றின் 140-ஆம் பாட்டில் ஒரு பெண் இப்படிக் கூவிக்கொண்டு தெருவில் வருகிறாள். நெல்லுக்குச் சரிக்குச் சரி உப்பு, நீ எவ்வளவு நெல் போடுகிறாயோ அவ்வளவு உப்பு தருகிறேன் என்று அர்த்தம். வளையல் ஒலிக்கக் கைவீசி நடக்கிறாள். குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது, அவள் மிரள்கிறாள், மிரண்ட அந்தக் கண்களை ஒருவன் பார்த்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. அதற்கப்புறம் அவனுக்குத் தூக்கமில்லை, தோழனிடம் வந்து புலம்புகிறான். அந்தப் புலம்பல்தான் பாட்டு, எழுதியவர் அம்மூவனார்.

காதல் பாட்டாகவே இதைப் படித்து ரசித்துவிட்டுப் போகலாம், தப்பில்லை. ஆனால் வரலாறு படிக்கிறவர்கள் இந்தப் பாட்டை விடுவதே இல்லை. புலவர் போகிற போக்கில் என்னென்ன சொல்லிவிடுகிறார் என்று பாருங்கள். உப்பைச் செய்கிறவர்கள் பரதவர், கழியோரப் பாத்திகளில் 'உழாஅது செய்த' உப்பு அது, அதாவது ஏர் பூட்டாமல் விளைவித்தது. அதை வாங்கி, வெயிலில் வெடித்துக் கிடக்கிற மலைப்பக்கம் கொண்டுபோகிறவர்கள் வேறு ஆட்கள், உமணர். இந்தப் பெண் உமணரின் மகள். விற்பது வீடு வீடாக, தெருத் தெருவாக, காசு இல்லாமல் நெல்லுக்கு மாற்றாக. கடைசியில் காதலன் தன் பெருமூச்சுக்கு ஓர் உவமை தேடுகிறான்: கருஞ்சேற்றில் அழுந்திப்போன வண்டியை அவள் அப்பா இழுக்க வைக்கும்போது மூச்சு வாங்குகிறதே அந்த மாடு, அதுபோல நான் மூச்சு விடுகிறேன் என்கிறான். அந்தச் சேற்றின் கறுப்புக்கும் ஓர் உவமை இருக்கிறது, புனம் திருத்துகிறவன் காட்டை எரிக்கும்போது எழும் புகையின் நிழல்.

ஆக, ஒரு காதல் பாட்டுக்குள் உப்பு உற்பத்தி, நீண்டதூர வண்டிப் போக்குவரத்து, பண்டமாற்று, எரித்துச் செய்யும் மலைப்புன வேளாண்மை எல்லாம் வந்துவிட்டன. இதில் எதையும் நமக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அம்மூவனார் நினைக்கவில்லை, அவர் கவலையெல்லாம் அந்தப் பையனின் பெருமூச்சு. அதனால்தான் இதற்கு மதிப்பு. ஒரு விஷயத்தை நிரூபிக்க வேண்டும் என்று எழுதுகிறவன் ஏற்றி எழுதலாம், இறக்கி எழுதலாம். உவமைக்காகச் சொல்கிறவனுக்கு அந்தத் தேவை இல்லை. அதோடு, கேட்பவனுக்கு ஏற்கெனவே தெரிந்த காட்சியாக இருந்தால்தான் உவமை எடுபடும். சேற்றில் சிக்கிய உப்பு வண்டியைப் பார்த்தே இராதவனிடம் இந்த உவமையைச் சொல்லி என்ன பயன்?

சங்கப் பாட்டைச் சான்றாகப் படிப்பதில் நான் முதலில் பிடித்துக்கொள்ளச் சொல்வது இதைத்தான்: புலவர் அழுத்திச் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள், அசட்டையாக விட்டுப்போவதைக் கூர்ந்து படியுங்கள்.

சரி, அப்படியென்றால் சங்க காலத்தில் உப்பும் நெல்லும் ஒரே விலை என்று எழுதிவிடலாமா? அவசரப்படக் கூடாது. அகநானூறு 390-லும் "நெல்லும் உப்பும் நேரே, ஊரீர் கொள்ளீரோ" என்று ஒருத்தி கூவுகிறாள். இரண்டு பாட்டில் ஒரே விலை, அப்போது உறுதிதானே என்று தோன்றும். பாடியவர் பெயரைப் பார்த்தால் இதுவும் அம்மூவனார். இரண்டு பாட்டு, ஆனால் சாட்சி ஒருவர்தான். அவருக்குப் பிடித்த ஒரு சொல்லாட்சியாகவும் இருக்கலாம், அவர் பழகிய கடற்கரையில் மட்டும் நடந்த விலையாகவும் இருக்கலாம். இன்னொரு சாட்சி வேண்டும். குறுந்தொகை 269-ல் கல்லாடனார் வருகிறார். அதில் ஒரு பெண், சுறா தாக்கிய புண் ஆறி அப்பா மறுபடி கடலுக்குப் போய்விட்டார், அம்மாவும் உப்பை மாற்றி வெண்ணெல் கொண்டுவர உப்பு விளையும் பாத்திக்குப் போய்விட்டாள் என்கிறாள். (வீட்டில் யாருமில்லை, இப்போது வந்தால் பார்க்கலாம் என்பதுதான் செய்தி. கெட்டிக்காரி.) இங்கே விலை இல்லை, ஆனால் உப்பைக் கொடுத்து நெல் வாங்குவது இருக்கிறது. ஆகவே உப்புக்கு நெல் என்ற பழக்கம் உறுதி, சரிக்குச் சரி என்ற விகிதம் அவ்வளவு உறுதியில்லை. இந்த அளவில் நின்றுகொள்வதுதான் நேர்மை.

இலக்கியத்துக்கு வெளியே ஒரு சாட்சி கிடைத்தால் இன்னும் நல்லது. மதுரைக்குப் பக்கத்தில் அழகர்மலைக் குகையில் தமிழ்பிராமி எழுத்தில் கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அதில் ஒருவர் உப்பு வணிகர். துறவிகளுக்குக் குகையில் இடம் அமைத்துக் கொடுக்க நன்கொடை தரும் அளவுக்கு உப்பு வியாபாரத்தில் கையில் காசு புழங்கியிருக்கிறது. பாட்டில் வருகிற உமணர்கள் சேற்றில் வண்டி தள்ளுகிறவர்கள், கல்வெட்டில் வருகிறவர் கொடையாளி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்தத் தொழிலின் மேலும் கீழும் தெரிகிறது.

திணை என்பது நிலப்படம் அல்ல

இங்கே அடிப்படையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்ற தொகுப்புகளில் இருப்பவற்றைத்தான் சங்கப் பாடல் என்கிறோம், மொத்தம் 2,381 பாட்டு என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. காதலைப் பாடுவது அகம், போர், கொடை, இறப்பு, அரசன் என்று வெளியுலகத்தைப் பாடுவது புறம். அகப்பாட்டின் காதல் கதையில் வருகிற யாருக்கும் பெயர் கிடையாது, தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். அவர்களில் ஒருவரைப் பெயர் சுட்டிச் சொன்னால் அது அகமே அல்ல என்கிறது தொல்காப்பியம். புறப்பாட்டில் பெயரும் ஊரும் வரும்.

அகத்துக்கு ஐந்து திணை. பள்ளிக்கூடத்தில் இதை ஓர் அட்டவணையாக மனப்பாடம் செய்திருப்போம்: குறிஞ்சி என்றால் மலை, குறவர், தினை, கூடல், நெய்தல் என்றால் கடற்கரை, பரதவர், உப்பு, இரங்கல். அந்த அட்டவணையில் மூன்று வகைச் சரக்கு கலந்து கிடக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கிற மரம், விலங்கு, தொழில், சாப்பாடு, பறை, தெய்வம் எல்லாம் கருப்பொருள். அந்த நிலத்துக்கென்று ஒதுக்கிய காதல் நிலை உரிப்பொருள். வரலாற்றுக்கு இந்த மூன்றும் ஒரே தரத்துச் சான்று இல்லை. குறிஞ்சிப் பாட்டில் தலைவன் நள்ளிரவில்தான் வருவான், அது மரபு. அதை வைத்து மலைவாழ் மக்கள் எல்லாரும் நடுராத்திரியில் காதலித்தார்கள் என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் அதே பாட்டில் தினைப்புனத்தில் பெண்கள் தட்டை தட்டிக் கிளி ஓட்டினார்கள் என்று வந்தால், அது மலை வேளாண்மை பற்றிய செய்தி.

இந்தக் கலப்பைத் தொல்காப்பியமே ஒத்துக்கொள்கிறது. "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்" என்று ஒரு வரி. புலவர்களின் வழி இரண்டும் சேர்ந்தது, ஒன்று மேடைக்காக அழகுபடுத்தி அமைத்துக்கொண்டது, இன்னொன்று உலகத்தில் நடப்பது. வரலாற்றுக்காரன் வேலை எந்த வரி எந்தப் பக்கம் என்று பிரிப்பது. எளிதாகப் பிரிந்துவிடாது என்பது வேறு விஷயம்.

பெரும்பாலோர் சறுக்கும் இடமும் இதுதான். ஐந்து திணை என்றால் ஐந்து நிலம், ஐந்து நிலத்திலும் ஐந்து வகை மக்கள் தனித்தனியாக, ஒருவரோடு ஒருவர் பட்டுக்கொள்ளாமல் வாழ்ந்தார்கள் என்று ஒரு படம் மனதில் விழுந்துவிடுகிறது. மேலே பார்த்த உப்புப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது நெய்தல் பாட்டு, ஆனால் உப்பு போகிற இடம் மலை, மாற்றாக வருவது வயலில் விளைந்த நெல், உவமையில் வருவது குறிஞ்சிப் புனவன். ஒரே பாட்டில் நாலு உலகமும் ஒரு வண்டிச் சக்கரத்தில் கோத்துக் கிடக்கின்றன.

பாலை இன்னும் வேடிக்கை. தொல்காப்பியம் தெய்வங்களோடு சொல்லும் நிலங்கள் நான்குதான், காடு, மலை, வயல், மணல். பாலைக்கு நிலமே சொல்லவில்லை. ஆனால் அகநானூற்றைத் திறந்தால் 400 பாட்டில் 200 பாலை. பாதி நாடு வறண்டு கிடந்ததா? இல்லை. அந்த நூலைத் தொகுத்தவர்கள் ஒற்றை எண்ணுள்ள பாட்டெல்லாம் பாலையாக இருக்கும்படி அடுக்கியிருக்கிறார்கள், 4, 14, 24 என்று நாலில் முடிந்தால் முல்லை, 10, 20, 30 என்று சுழியில் முடிந்தால் நெய்தல். (140, 390 இரண்டும் நெய்தல், சரியாக வருகிறதா?) ஆக அந்தப் பாதி என்பது தொகுத்தவர் கணக்கே தவிர மழைக் கணக்கு அல்ல. எண்ணிப் பார்த்துப் புள்ளிவிவரம் போடுகிற ஆசை வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வது நல்லது. பாட்டுகள் பாடப்பட்டது ஒரு காலம், தொகுக்கப்பட்டது அதற்கப்புறம், யார் யாரிடம் எப்போது சொன்னது என்று பாட்டின் அடியில் வரும் துறைக் குறிப்பு எழுதியது தொகுத்தபோதோ அதற்கும் பிறகோ, நச்சினார்க்கினியர் போன்றவர்களின் உரை ஆயிரம் ஆண்டுக்கும் மேல் தள்ளி. நம் கையில் இருக்கிற அச்சுப் புத்தகத்தில் இவை எல்லாம் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். உரையில் இருக்கிற செய்தியைப் பாட்டில் இருப்பதாக நினைத்து எடுத்தாள்வது அடிக்கடி நடக்கிற தப்பு.

அவள் கண்ணுக்குள் ஒரு துறைமுகம்

இப்போது ஒரு பாட்டை முழுசாகப் பிரித்துப் பார்ப்போம். அகநானூறு 149, எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது. 149 ஒற்றை எண், ஆகவே பாலை. பொருள் தேடிப் போகலாமா என்று நெஞ்சு கேட்க, நான் வரமாட்டேன் போ என்று தலைவன் சொல்கிறான். எதற்கு வரமாட்டான்? நான் போனால் அவள் கண்களில் நீர் நிறையும், அதற்காக. எந்தக் கண்கள்? அங்கேதான் பாட்டு சுற்றிக்கொண்டு போகிறது. நெடியோன் குன்றத்துச் சுனையில் பூத்த நீலமலர் இரண்டைச் சேர்த்துக் கட்டினாற்போன்ற கண்கள். அந்தக் குன்றம் எங்கே இருக்கிறது? கூடலுக்கு, அதாவது மதுரைக்கு, மேற்கே, திருப்பரங்குன்றம். அந்தக் கூடல் யாருடையது? செழியனுடையது. எந்தச் செழியன்? சேரரின் துறைமுகமான முசிறியை ஆரவாரம் எழ வளைத்துக்கொண்டு, போரில் வென்று, அங்கிருந்த படிமத்தை, அதாவது சிலையை, கவர்ந்து வந்த செழியன். முசிறி எப்படிப்பட்டது?

"யவனர் தந்த வினைமாண் நன்கலம்
பொன்னொடு வந்து கறியொடு பெயரும்
வளங்கெழு முசிறி"

சேரரின் சுள்ளியம் பேரியாற்றில் வெண்நுரை கலங்க யவனரின் நன்றாகச் செய்யப்பட்ட கப்பல் வரும், வரும்போது பொன், போகும்போது மிளகு. கறி என்றால் மிளகு.

ஒரு பெண்ணின் கண் எப்படி இருக்கிறது என்று சொல்லக் கிளம்பியவர் சுனை, மலை, ஊர், அரசன், போர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி ரோமக் கப்பல் வரைக்கும் போய்விட்டார். பள்ளியில் எங்களுக்கு இந்த இரண்டு வரியை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்து வணிகத்துக்குச் சான்று என்றார்கள். பாட்டு முழுவதையும் படித்த பிறகுதான், சான்று எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கிறது என்பதே எனக்குப் புரிந்தது.

இதில் எதை நம்பலாம்? படி வாரியாகப் பார்க்கலாம். காதலும் கண்ணீரும் மரபு, அதை விட்டுவிடுவோம். செழியன் முசிறியை வென்றான் என்பது பாண்டியனைப் புகழ்கிற இடம். நடந்திருக்கலாம், ஆனால் முற்றுகையா, ஒரு சூறையாடலா, எவ்வளவு பெரியது என்பதெல்லாம் இந்த ஒரு வரியில் நிற்காது. செழியன் என்பது பாண்டியர் பலருக்கும் வழங்கிய பெயர், அவன் யார், எந்த ஆண்டு என்று இந்தப் பாட்டை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை. கப்பல் வருவதும் மிளகு போவதும் எதிரியின் துறைமுகத்தைப் பற்றியது. அதிலும் ஒரு வம்பு இருக்கிறது, எதிரியின் ஊர் எவ்வளவு வளமானதோ அவ்வளவு பெருமை வென்றவனுக்கு, எனவே 'வளங்கெழு' என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும். ஆனால் பொன் வந்தது, மிளகு போனது என்ற திசையை மாற்றிச் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

அந்தத் திசையைத்தான் வெளிச் சான்றுகளும் சொல்கின்றன. ரோமாபுரி எழுத்தாளர் பிளினி கி.பி. 77 வாக்கில் எழுதும்போது, இந்தியச் சரக்குக்காக ஆண்டுதோறும் நம் பணம் வெளியே போகிறது என்று அங்கலாய்க்கிறார். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், கோயில் முற்றத்தில் புதைந்திருந்த ஒரு பெரிய இந்தியச் சாடிக்குள் ஏறத்தாழ ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. வியன்னாவில் இருக்கும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாள் ஒன்று முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தத்தைப் பேசுகிறது. கேரளத்தில் பறவூர் அருகே பட்டணம் என்ற இடத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக்கடல் பகுதிச் சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன, அதுதான் முசிறி அல்லது அதன் பகுதி என்று பலர் கருதுகிறார்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்த பொருத்தம் வேறு ஒன்று. முசிறி பற்றிப் பரணர் பாடியது புறநானூறு 343-ல் இருக்கிறது. அதில் "கலந்தந்த பொற்பரிசம் கழித்தோணியாற் கரைசேர்க்குந்து" என்று வருகிறது. கப்பலில் வந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள், அதாவது பெரிய கப்பல் கரையை ஒட்டி வரவில்லை. பிளினி முசிறியைப் பற்றிச் சொல்லும்போது, கப்பல் நிற்கும் இடம் கரையிலிருந்து தூரம், சரக்கைச் சிறு படகுகளில்தான் ஏற்றி இறக்க வேண்டும் என்று குறை சொல்கிறார். ஒருவர் தமிழில் பாடினார், ஒருவர் லத்தீனில் எழுதினார், ஒருவரை ஒருவர் படித்திருக்க வாய்ப்பே இல்லை, இருவரும் ஒரே தோணியைப் பார்க்கிறார்கள். இப்படி ஒன்றுக்கும் உதவாத சின்ன விவரம் ஒன்று இரண்டு பக்கமிருந்தும் ஒத்துப்போனால் அது கண்ணால் கண்டவர்களிடமிருந்து வந்த செய்தி என்று தைரியமாகச் சொல்லலாம்.

பரணர் அதை எதற்குச் சொன்னார் தெரியுமா? ஒரு பெண்ணை மணம் கேட்டு வருகிறார்கள், முசிறி அளவுக்குச் செல்வத்தைப் பணிந்து கொடுத்தாலும், தகுதியில்லாதவனை இவள் ஏற்கமாட்டாள், அப்பனும் கொடுக்கமாட்டான் என்கிறார். மறுபடியும் உவமைதான். அந்தப் பாட்டிலேயே, மீனை விற்று வாங்கிய நெல்லை அம்பி என்ற படகில் குவித்ததும், மிளகு மூட்டைகளை வீட்டோரம் அடுக்கியதும் வருகின்றன. பொன்னுக்கு மிளகு ஒரு பக்கம், மீனுக்கு நெல் இன்னொரு பக்கம், ஒரே ஊரில். சங்க காலத்தில் நாணயமா பண்டமாற்றா என்று சண்டை போடுகிறவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம்.

புறத்தில் பெயர் இருக்கிறது, கூடவே புகழ்ச்சியும்

புறப்பாட்டு பார்வைக்கு வரலாறு மாதிரியே இருக்கும். அரசன் பெயர், ஊர், போர்க்களம் எல்லாம் வரும். ஆனால் பாடியவர் பரிசில் வாங்கப் போனவர். குமரி முதல் இமயம் வரை ஆண்டான் என்று பாடினால் அதை வைத்து எல்லைக்கோடு போடக் கூடாது, பெரிய அரசனை அப்படிப் பாடுவது அன்றைய மரியாதை. ஆள் இருந்தானா என்பது வரைக்கும் பாட்டை நம்பலாம், அதற்கும் கல் உதவுகிறது. ஔவையார் பாடிய அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் திருக்கோவலூர் அருகே ஜம்பையில் குகைக் கல்வெட்டில் கிடைத்தது, பாட்டில் இல்லாத ஒரு பட்டத்தோடு: 'சதியபுதோ'. அசோகரின் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்படும் சதியபுத்திரர் யார் என்று நெடுநாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. பாட்டு ஆளைக் காட்டியது, கல் அவன் குலத்தைக் காட்டியது.

புறத்திணைகளில் முதலாவது வெட்சி, பகைவரின் மாட்டு மந்தையைக் கவர்வது. இது வெறும் இலக்கணக் கற்பனை, போருக்கு ஒரு சம்பிரதாயத் தொடக்கம் என்று நினைக்க இடமிருந்தது. அகநானூறு 67-ல், ஒருவன் காதலியை விட்டுப் போகிற காட்டுவழியை வர்ணிக்கும்போது, நல்ல போரில் வென்று மடிந்த மறவர்களின் "பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்" என்று வருகிறது. கவனியுங்கள், எழுதி என்கிறார். வழியெல்லாம் எழுத்துள்ள நடுகல். ஆனால் நமக்கு அறிமுகமான எழுத்துள்ள நடுகற்கள் பெரும்பாலும் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. அப்புறம் 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்பிராமி எழுத்தோடு நடுகற்கள் கிடைத்தன. ஒன்றின் வாசகம்: கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுக்கான கல். 'ஆகோள்' என்றால் மாடு கவர்தல், தொல்காப்பியம் வெட்சித்திணையின் துறைகளைச் சொல்லும்போது பயன்படுத்துகிற அதே சொல். இலக்கணப் புத்தகத்துச் சொல் ஒரு காட்டுக் கல்லில், ஊர்ப் பெயரோடும் செத்தவன் பெயரோடும் இருக்கிறது. அங்கே அரசன் இல்லை, முரசு இல்லை, வென்றது யார் என்று தெரியவில்லை. ஒரு ஊர், கொஞ்சம் மாடு, ஒரு சாவு.

பாட்டு சொல்லாததையும் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழ்பிராமிக் குகைக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி சமணத் துறவிகளுக்கான இருப்பிடங்களைப் பற்றியது. சங்கப் பாட்டில் அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பாட்டை மட்டும் வைத்திருந்தால் அந்தக் குகைகளில் இத்தனை பேர் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது, கல்வெட்டு மட்டும் இருந்திருந்தால் நாடு முழுக்கத் துறவிகளும் வணிகர்களும்தான் என்று நினைத்திருப்போம். அதேபோல, பாடுகிறவர்கள் பாடத் தெரிந்தவர்கள், பாட்டுக்குப் பரிசு கிடைக்கும் இடத்துக்குப் போகத் தெரிந்தவர்கள். உழைக்கிறவன் வாயால் பேசுகிற பாட்டு அபூர்வம். அவன் வருவது பெரும்பாலும் உவமையில்தான்.

புறநானூறு 82 அப்படி ஒரு பாட்டு, சாத்தந்தையார் பாடியது, மொத்தம் ஆறே வரி. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி மல்லன் ஒருவனோடு பொருத வேகத்தைச் சொல்ல வேண்டும். எப்படி வேகம்? ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி. மழை பெய்துகொண்டிருக்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்த நேரத்தில் கட்டிலுக்கு வார் பின்னி முடிக்க வேண்டிய ஒருவன் கையில் ஊசி எப்படிப் பறக்குமோ அப்படி. அரசனுக்கு நெடுந்தகை என்று பட்டம். கட்டில் பின்னுகிறவனைப் பாட்டு 'இழிசினன்' என்கிறது. பிற்காலத்துச் சாதிப் பெயர் எதையும் அந்தச் சொல்லில் ஏற்றிப் படிக்க முடியாது, ஆனால் தோல் வாரில் வேலை செய்கிறவனை இழிந்தவன் என்று கூப்பிடுவது அன்றே பழகிப்போயிருந்தது, புலவருக்கு அதில் உறுத்தலும் இல்லை. திருவிழாவுக்கு அந்தக் கட்டில் யார் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, குழந்தை பிறப்பதற்குள் அவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று பாட்டு சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது ஊசியின் வேகம் மட்டும்தான்.